வில்லனெல்: திரும்பி வரும் வரிகள் சலிக்கின்றன, எங்கே தவறு?

காட்பாடி மலர்

எல்லாருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ரயிலில் போய் வரும் நேரத்தில் கவிதை எழுதிப் பார்ப்பேன். ஒரு மாதமாக வில்லனெல் என்கிற வடிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வரி. மூன்று மூன்று வரியாக ஐந்து பத்தி, கடைசியில் நான்கு வரியில் ஒரு பத்தி. முதல் வரி 6, 12, 18ஆம் இடங்களில் திரும்ப வரும். மூன்றாவது வரி 9, 15, 19ஆம் இடங்களில் திரும்ப வரும். பத்திகளின் முதல் வரிகளும் திரும்பி வரும் இரண்டு வரிகளும் ஒரே இயைபில் முடிய வேண்டும். எல்லாப் பத்தியிலும் இரண்டாவது வரிக்கு வேறொரு இயைபு. விதி இவ்வளவுதான், இதில் எனக்குக் குழப்பமில்லை.

நான் எழுதியதில் முதல் இரண்டு பத்தி:

பாலாறு வறண்டு கிடக்கிறது
ஆயா குளித்த பழைய படித்துறையில்
மணல் மட்டும் மிச்சம் இருக்கிறது

மாடு தாகத்தில் தவிக்கிறது
மேயப் புல்லில்லை எங்கள் ஊரில்
பாலாறு வறண்டு கிடக்கிறது

இப்படியே பத்தொன்பது வரியும் முடித்துவிட்டேன். தோழியிடம் படித்துக் காட்டினேன். மூன்றாவது பத்தியிலேயே, "வறண்டு கிடக்கிறது, தெரியும்டி, அப்புறம்?" என்றாள். அந்த "அப்புறம்" இன்னும் காதில் ஒலிக்கிறது. திரும்ப வரும் வரி ஒவ்வொரு முறையும் புது அர்த்தம் கொள்ள வேண்டும் என்கிறார்கள். வரியையே மாற்றாமல் அர்த்தம் எப்படி மாறும்?

ஆரணி அரிசிக்காரர்

தலைப்பைப் பார்த்துப் புது நெல் ரகம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். ஏதோ ஆராய்ச்சி நிலையம் விட்டிருக்கும், எத்தனை நாள் பயிர் என்று கேட்கலாம் என்றிருந்தேன். கவிதையா, சரி. வந்ததுதான் வந்தோம், ஓரமாக உட்கார்ந்து கேட்கிறேன்.

குடியாத்தம் குமரன்

மலர், இது நம் பல்லவிதான், வெள்ளைக்காரன் வேறு பெயர் வைத்திருக்கிறான். சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவோம் இல்லையா, அதேதான். பல்லவி யாருக்காவது சலிக்கிறதா? பாடகர் ஒவ்வொரு முறையும் வேறு சங்கதி போடுவார், நமக்கு அர்த்தம் மாறியதுபோல் இருக்கும். ஆகவே உங்கள் கவிதையில் குறையில்லை, படிக்கும் விதத்தில்தான் குறை. குரலை ஏற்றி இறக்கிப் படித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். இது பல நூறு ஆண்டுப் பழமையான பிரெஞ்சு யாப்பு. திரும்ப வரும் வரியில் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. மாறினால் அது வில்லனெல் இல்லை.

பழைய வாத்தியார்

குமரன் சொல்வதில் பாதி சரி. பல்லவியோடு உறவு உண்டு. ஆனால் பல்லவி ஒன்றுதான், சரணம் முடிந்தபின் தனியாக வந்து நிற்கும். இங்கே இரண்டு வரிகள், அதுவும் பத்திக்கு வெளியே நிற்காமல் பத்தியின் வாக்கியத்துக்குள்ளேயே மூன்றாவது வரியாக உட்கார்ந்திருக்கின்றன. முதல் பத்தியில் ஒன்றாக இருந்த இரண்டும் பிறகு பிரிந்து மாறி மாறித் தனியே வருகின்றன. 18, 19இல்தான் முதல் தடவையாக நடுவில் வேறு வரி இல்லாமல் தோளோடு தோள் நிற்கின்றன. வில்லனெல் எழுதுகிறவர் அந்தச் சந்திப்பை நோக்கித்தான் பதினேழு வரி நடக்கிறார். பல்லவியில் இந்தச் சந்திப்புக்கு இடமே இல்லை.

பழமை பற்றியும் ஒரு வார்த்தை. வில்லனெல் என்ற பெயர் முதலில் கிராமியச் சாயல் கொண்ட பாட்டுகளுக்குப் பொதுவாக வழங்கியது, கட்டான வடிவம் எதுவும் கிடையாது. 1606இல் அச்சான ழான் பசராவின் பாட்டு ஒன்று, துணைப் புறாவைத் தொலைத்தவன் புலம்பல், தற்செயலாக இந்த அமைப்பில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள்தான் அந்த ஒரு பாட்டை அச்சாக வைத்து இதை யாப்பாக்கினார்கள். அவர்கள்கூட நடுவில் பத்திகளைக் கூட்டிக்கொள்வது உண்டு. பத்தொன்பது வரிக்கு மேல் போகாமல் இறுகியது ஆங்கிலத்தில் எழுதியவர்கள் கையில்.

எழுத்து மாறக்கூடாது என்பதும் அவ்வளவு கறார் இல்லை. எலிசபெத் பிஷப் 1976இல் வெளியிட்ட "ஒன் ஆர்ட்" கவிதையில் திரும்பி வரும் வரிகளில் இரண்டாவது ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது, கடைசிச் சொல் மட்டும்தான் நிலையாக நிற்கிறது. முதல் வரியும் முடிவில் கொஞ்சம் தளர்கிறது. இழப்பது ஒன்றும் கடினமில்லை என்று அடித்துச் சொல்லி வந்தவள், கடைசியில் "அப்படியொன்றும் பெரிய கடினமில்லை" என்கிற அளவுக்கு இறங்கிவிடுகிறாள். அந்த இறக்கத்தில்தான் அவள் பொய் சொல்லி வந்தது நமக்குத் தெரிகிறது.

மலர், உன் கவிதைக்கு வருகிறேன். அந்த இரண்டு வரிகளையும் விரலால் மறைத்துக்கொண்டு பத்தியைப் படி. "மாடு தாகத்தில் தவிக்கிறது, மேயப் புல்லில்லை எங்கள் ஊரில்." முழுசாக இருக்கிறது. மூன்றாவது வரி இல்லாமலேயே பத்தி நடக்கிறது என்றால் அந்த வரி அங்கே வேலை செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? "பாலாறு வறண்டு கிடக்கிறது" என்பதில் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய வீடு. பக்கத்து வரி உள்ளே நுழைய வழியில்லை.

காட்பாடி மலர்

சார், மறைத்துப் பார்த்தேன். ஆறு இடத்திலும் அதே கதை. வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுவாய் இல்லாமல் வரி எழுதினால் தொங்காதா?

பழைய வாத்தியார்

தொங்கட்டும். பக்கத்து வரி வந்து தாங்கிக்கொள்ளும்.

டிலன் தாமஸின் புகழ்பெற்ற வில்லனெல் இருக்கிறதே, சாகும் தறுவாயில் இருக்கும் தகப்பனுக்கு எழுதியது, அதில் நடப்பதைக் கவனி. முதல் பத்தியில் அந்த வரிகள் கட்டளை. "அமைதியாகப் போய்விடாதே" என்று யாரிடமோ சொல்கிறான், யாரிடம் என்று தெரியாது. இரண்டாம் பத்தியில் அறிவாளிகள் எழுவாயாக வந்து நிற்கிறார்கள். அதே சொற்கள் இப்போது "அவர்கள் அமைதியாகப் போவதில்லை" என்ற செய்தியாகிவிடுகின்றன. நான்கு பத்திகளில் நான்கு வகை மனிதர்கள் வந்து போகிறார்கள். கடைசிப் பத்தியில் "என் தகப்பனே" என்று விளித்தபின் அதே வரி மறுபடி கட்டளை, இல்லை, கெஞ்சல். ஆங்கிலத்தில் ஏவலுக்கும் பன்மை நிகழ்காலத்துக்கும் வினைச்சொல் ஒரே உருவம். அந்த ஓட்டை வழியாகத்தான் அர்த்தம் உள்ளே நுழைகிறது.

தமிழில் இது அப்படியே நடக்காது. "போகாதே" வேறு, "போகமாட்டார்கள்" வேறு. நம் வினைமுற்று தன் நெற்றியிலேயே திணை, பால், எண் எல்லாம் எழுதிக்கொண்டு வரும். அந்தக் கவிதையை மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்களுக்கு இந்த வலி தெரிந்திருக்கும். ஆகவே நம் மொழியில் எந்த இடத்தில் ஒரே உருவம் இரண்டு வேலை செய்கிறது என்று நாமே தேட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒன்று "வராது", "சொல்லாது" மாதிரி வடிவம். "பஸ் வராது" என்றால் வினைமுற்று, வாக்கியம் முடிந்துவிட்டது. "சொல்லாது போனான்" என்றால் எச்சம், சொல்லாமல் போனான் என்று பொருள். ஒரே சொல், ஒரு வேளை கதவைச் சாத்துகிறது, ஒரு வேளை திறந்து வைக்கிறது. இன்னொரு வசதி, அஃறிணை ஒருமை என்பதால் ஆறு, பஸ், தூக்கம், பேச்சு, குழந்தை என எதுவும் அதற்கு எழுவாயாகலாம்.

கடைசி இரண்டு வரிகளை முதலில் எழுது. அவை பக்கத்தில் பக்கத்தில் நின்றால் என்ன சொல்கின்றன என்று பார்த்த பிறகு மேலே போ. ஆறு வரிகள் தாமாகத் திரும்பி வருவதால் நீ எழுத வேண்டியது பதின்மூன்று வரிதான்.

வாணியம்பாடி வசந்தி

நம் மரபிலேயே இது இருக்கிறதே, ஏன் யாரும் சொல்லவில்லை? மடக்கு அணி. சம்பந்தர் திருஏகபாதத்தில் ஒரே அடியை நான்கு முறை வைத்து ஒரு பாட்டு என்று பதிகமே பாடியிருக்கிறார், நான்குக்கும் நான்கு பொருள். வில்லனெல் நமக்குப் புதிதில்லை.

பழைய வாத்தியார்

டீச்சர், நல்ல நேரத்தில் நினைவுபடுத்தினீர்கள். ஆனால் அங்கே பொருள் மாறுவது சொல்லைப் பிரிக்கும் விதத்தில். அதே எழுத்துகளை வேறு இடத்தில் வெட்டினால் வேறு சொல் கிடைக்கிறது. நான்கு அடியும் அடுத்தடுத்து நிற்பதால் நடுவில் எந்தக் கதையும் நடப்பதில்லை, உரையாசிரியர் கை பிடித்துக் கூட்டிப் போனால்தான் நமக்குப் புரியும். வில்லனெலில் சொல் அப்படியே இருக்கும். நடுவில் ஐந்து வரி கழிந்திருக்கும், அதற்குள் யாரோ வீட்டை விட்டுப் போயிருப்பார், ஏதோ விற்றுப் போயிருக்கும். பழைய வரி புது ஆள்மேல் வந்து விழும். எனக்கு இரண்டும் வேறு வேறு வித்தை.

குடியாத்தம் குமரன்

பழமை பற்றி நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல்லவியை விட்டுக்கொடுக்க மாட்டேன். அனுபல்லவி என்று இன்னொன்று இருப்பதை வாத்தியார் மறந்துவிட்டார்.

காட்பாடி மலர்

பன்னிரண்டு நாள் ஆயிற்று. சார் சொன்னபடி கடைசி இரண்டு வரியிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது வரிகளுக்கான இயைபையும் மாற்றினேன். முன்பு "படித்துறையில், ஊரில், வெயிலில்" என்று எல்லாம் இல் இல் என்று முடிந்தன. உருபை ஒட்டினால் எந்தச் சொல்லும் இயைந்துவிடும், அதனால் காதுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இப்போது சொல்லே இயையும்படி கரை, நரை, தரை என்று பிடித்தேன்.

இந்த வழியே இனிமேல் வராது.
வெறும் மணல், அதற்கப்பால் மறுகரை
யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாது.

ஆற்றிரைச்சல் கேட்ட ஆயாவின் காது
அடைத்தாயிற்று, அதன்மேல் மூடும் நரை.
இந்த வழியே இனிமேல் வராது.

பசு விற்ற காசு வட்டிக்கும் போதாது;
அப்பா நடந்தார் ஆம்பூர் வரை
யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாது.

நிலம் விற்ற புண் நினைத்தால் ஆறாது;
கடைசி பஸ் போன தடம், காய்ந்த தரை.
இந்த வழியே இனிமேல் வராது.

ஒரு நவம்பர், இரவெல்லாம் ஓயாது
மழை, வாசற்படி ஏறிற்று நுரை
யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாது.

ஈரத் திண்ணையில் ஆயா, சிரிப்புத் தாளாது;
சேறு தொட்ட சுவர்தான் இன்று கரை.
இந்த வழியே இனிமேல் வராது
யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாது.

நவம்பர் என்றது 2021இல் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை. பள்ளிக்கூட நாளிலெல்லாம் அந்தப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது கீழே மணலும் முள்ளும்தான் பார்த்திருக்கிறேன். அன்று பாலத்தில் நிற்கவே பயமாக இருந்தது.

பழைய வாத்தியார்

உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன்.

முதல் பத்தியில் எது வராது என்று சொல்லவே இல்லை. மணலைப் பார்த்து ஆறு என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். இரண்டாம் பத்தியில் "இந்த வழி" என்பது ஆற்று வழி இல்லை, காது. ஒரு எழுத்து மாறாமல் ஆறு காதுக்குள் வந்துவிட்டது. இதை எழுதும்போது நீ திட்டமிட்டாயா, தற்செயலா?

மூன்றாம் பத்தி எனக்கு மிகவும் பிடித்தது. முதல் பத்தியில் கரை எதுவும் சொல்லாது என்பது வினைமுற்று, சும்மா ஒரு வர்ணனை. இங்கே அதே "சொல்லாது" எச்சமாகி அப்பாவின் நடையோடு ஒட்டிக்கொள்கிறது. தோல் தொழிற்சாலை வேலைக்குப் போனாரா என்று நீ சொல்லவில்லை, ஆம்பூர் என்றதும் இந்தப் பக்கத்து ஆளுக்குப் புரியும். ஐந்தாம் பத்தியில் வெள்ளமும் அப்பா மாதிரியே சொல்லாமல் வருகிறது. போனவரும் வந்த ஆறும் ஒரே வரியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

நான்காவது பத்தி பலவீனம். பஸ் வராது என்பது வெறும் தகவலாக நிற்கிறது. விரலை வைத்து மறைத்துப் பார், "கடைசி பஸ் போன தடம், காய்ந்த தரை" என்பதே போதும். "ஆறாது" என்ற சொல்லுக்குள் ஆறு ஒளிந்திருப்பது மட்டும் அந்தப் பத்தியைக் காப்பாற்றுகிறது. பஸ்ஸில் வரவேண்டிய ஆள் யார் என்று ஒரு சொல் விழுந்தால் வரி கனக்கும்.

காட்பாடி மலர்

காது தற்செயல்தான் சார். "ஆது" என்று முடியும் சொல் தேடினேன். வினைச்சொல்லாகவே வந்து குவிந்தது. பெயர்ச்சொல் ஒன்றாவது வேண்டும் என்று தேடியபோது காது கிடைத்தது. அதை எழுதிய பிறகுதான் ஆயாவே கவிதைக்குள் வந்தாள்.

வாணியம்பாடி வசந்தி

வாத்தியார் புகழ்ந்துவிட்டார், நான் குறை சொல்கிறேன். "சொல்லாது" எச்சம் என்று இலக்கணத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் யாராவது "சொல்லாது போனான்" என்று பேசுகிறார்களா? "சொல்லாம போயிட்டான்" என்பதுதான் பேச்சு. பஸ், வட்டி, திண்ணை என்று போகிற கவிதையில் அந்த ஒரு சொல் மட்டும் புத்தகத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் மூன்றாம் பத்தியில் "எது சொல்லாது?" என்றுதான் கேட்பார்கள். இரண்டு வேலை செய்கிற சொல் என்றால் இரண்டும் வாசகன் காதில் விழ வேண்டும் இல்லையா?

முடிவு இன்னும் சிக்கல். கடைசி இரண்டு வரி யார் பேசுவது? ஆயா பேச்சா? ஆயா என்றால் "இனிமே வராது" என்பாள்.

பழைய வாத்தியார்

முதல் புகாருக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, டீச்சர். என் தலைமுறைக்கு அந்த எச்சம் காதில் விழுகிறது, அடுத்த தலைமுறைக்கு விழாமல் போகலாம். "நடந்தார்" முன்னால் வருவதால் வாக்கியம் ஓரளவு தாங்குகிறது என்று மட்டும் சொல்வேன்.

கடைசி இரண்டு வரி பற்றி வேறு மாதிரி நினைக்கிறேன். இரண்டு முற்றாகப் படித்தால் ஆறு இனி வராது, எதுவும் சொல்லாது. பழைய துக்கம் அப்படியே இருக்கிறது. இரண்டாவதை எச்சமாக்கி முன்வரியோடு கூட்டினால், "யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த வழியே இனிமேல் வராது." அதாவது வரும், ஆனால் அடுத்த தடவை சொல்லிவிட்டு வரும். பதினேழு வரி இழவு வீடாக இருந்தது தலைகீழாகிறது. ஆயா ஏன் சிரித்தாள் என்பதற்கும் காரணம் கிடைக்கிறது. இரண்டு வரியும் தனித்தனியே இருந்தவரை இந்த அர்த்தம் பிறக்கவே முடியாது.

வாணியம்பாடி வசந்தி

அது நீங்கள் ஏற்றிச் சொல்லும் அர்த்தம் சார். நான் படித்தபோது துக்கம்தான் வந்தது. சிரிப்பு தாளாமல் என்றால் பித்துப் பிடித்த சிரிப்பு என்று நினைத்தேன். மலர் ஒரு நிறுத்தக்குறி வைத்தால் பிரச்சினை தீரும்.

காட்பாடி மலர்

மற்ற எல்லாப் பத்தியிலும் "வராது" பக்கத்தில் புள்ளி வைத்தேன். 18ஆம் வரியில் மட்டும் வேண்டுமென்றே வைக்கவில்லை டீச்சர். புள்ளி வைத்தால் உங்கள் கவிதை, எடுத்தால் சாருடையது. எனக்கு எது என்று இன்னும் தெரியவில்லை. நான்காம் பத்தியில் அம்மாவைக் கொண்டுவரப் பார்க்கிறேன், "தரை" இடம் கொடுக்க மாட்டேன் என்கிறது.

ஆரணி அரிசிக்காரர்

எனக்கு எச்சம் முற்று எல்லாம் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊர் கமண்டல நாகநதியும் வருடம் முழுக்கச் சும்மாதான் கிடக்கும், வந்தால் சொல்லிவிட்டா வருகிறது? வாத்தியார் சொன்ன அர்த்தம்தான் எனக்குப் பட்டது. ஆனால் அது ஆயாவின் ஆசை. ஆறு அப்படிக் கேட்காது.

அப்புறம், அந்த வட்டிக் காசு பத்தியில் பசுவைத்தான் முதலில் விற்றார்களா, நிலத்தையா? பசுவை முதலில் விற்க மாட்டார்கள். பால் காசுதான் வட்டி கட்டும்.

காட்பாடி மலர்

அண்ணா, எங்கள் வீட்டில் பசுதான் முதலில் போனது. மேய்க்க ஆளில்லை.

நேற்று ராத்திரி ஆயாவிடம் முழுசும் படித்துக் காட்டினேன். காது பக்கத்தில் வாய் வைத்துக் கத்த வேண்டும். கடைசி இரண்டு வரி வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எது வராது? ஒம்போது மணி பஸ்ஸா?" என்றாள்.

குடியாத்தம் குமரன்

அப்படியென்றால் நான்காம் பத்தியை மாற்றாதீர்கள்.